‘நோயாளி’ வேண்டாம் என்றால் வேறு என்ன எழுதுவது? செவிலியர் குறிப்புக்கான சொற்கள், ஒரு ஒப்பீடு

“‘நோயாளி’ன்னு எழுதக் கூடாதாம் சிஸ்டர். அப்போ என்ன எழுதுறது?” செவிலியர் குறிப்புகளைத் தமிழில் எழுதும் இடங்களிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிடுகிறது. மாற்றாக எது என்பதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அப்புறம் ஒரே கேஸ் ஷீட்டில் காலை டியூட்டிக்காரர் ‘பயனாளி’ என்கிறார், மதிய டியூட்டிக்காரர் பெயரை எழுதுகிறார், இரவு டியூட்டிக்காரர் ‘பேஷண்ட்’ என்கிறார். மறுநாள் படிப்பவருக்கு இது ஒரே ஆளைப் பற்றியதா என்ற சந்தேகமே வந்துவிடும்.

வழக்கில் இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் மரியாதை பெயர்ச்சொல்லில் இருப்பதைவிட வினைமுற்றில்தான் அதிகம் இருக்கிறது. ‘சொன்னது’, ‘சொன்னான்’, ‘சொன்னார்’ மூன்றும் ஒன்றல்ல. ‘நோயாளி’யை அடித்துவிட்டு ‘பயனாளி மருந்து வேண்டாம்னு சொல்லுது’ என்று எழுதினால் எதுவும் மாறிவிடவில்லை.

## எதை வைத்து எடை போடுவது?

நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன்.

முதலாவது, யாரைப் பற்றியது என்பதில் குழப்பம் வருமா? குறிப்பு என்பது அடுத்த டியூட்டிக்காரர் நம்பி மருந்து கொடுக்கும் தாள். மரியாதைக்காகத் தெளிவை விட்டுக்கொடுத்தால் அந்த மனிதருக்கே ஆபத்து.

இரண்டாவது, எழுதப்பட்டவர் தானே அதைப் படித்தால் எப்படி உணர்வார்? இது கற்பனைக் கேள்வி அல்ல. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் மருத்துவக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை உரியவரே இணையத்தில் உடனே பார்க்கும்படி விதி இருக்கிறது. தாள் கட்டில் காலில் தொங்கும் இடங்களில் அதற்கு விதியும் தேவையில்லை.

மூன்றாவது, நம் கடமையை அந்தச் சொல் சரியாகக் காட்டுகிறதா? நமக்கும் அவருக்கும் உள்ளது கடைக்காரர் உறவும் அல்ல, உதவி வழங்குபவர் உறவும் அல்ல.

நான்காவது, விடியற்காலை மூன்று மணிக்கு, பத்துப் பேரின் தாள்கள் காத்திருக்கும்போது, அதைக் கையால் எழுத முடியுமா? முடியாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள், அல்லது இரண்டெழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள்.

## நோயாளி

‘ஆளி’ விகுதியில் தாழ்வு எதுவும் இல்லை. அறிவாளி, படைப்பாளி, தொழிலாளி என்று நல்ல துணையோடுதான் அது இருக்கிறது. ஒன்றை உடையவர் என்பது பொருள். சிக்கல் முன்பகுதியில் இருக்கிறது. அறிவை உடையவர் என்பதுபோல் நோயை உடையவர் என்று, நோயையே அவருடைய அடையாளமாக்குகிறது.

ஆங்கிலச் சொல்லோடு ஒப்பிட்டால் இது விளங்கும். ‘பேஷண்ட்’ என்பது பொறுத்துக்கொள்ளுதல், துன்பப்படுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்குள் நோய்க்கான சொல் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கனடாவின் ஒன்டாரியோவில் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு ஒன்று 2019-இல் வந்தது. இரண்டிலும் மக்கள் பெரும்பாலும் ‘பேஷண்ட்’ என்ற சொல்லையே ஏற்றார்கள், ‘வாடிக்கையாளர்’ போன்ற மாற்றுகளை அவ்வளவாக விரும்பவில்லை. இதைக் காட்டி, “பார்த்தீர்களா, மக்களுக்கே நோயாளி என்பதில் ஆட்சேபம் இல்லை” என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பொருந்தாது. ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு வந்த பதில், நோயை வெளிப்படையாகச் சுமக்கும் நம் சொல்லுக்குச் செல்லாது.

இன்னொரு பக்கம், இந்தச் சொல் தெளிவானது. யாருக்கும் விளக்க வேண்டாம். மருத்துவமனையை ‘நோயாளி’ என்ற பார்வையிலிருந்து வெளியே வந்து பார்த்தால்தான் அதன் மறைந்த செலவு தெரியும். பிரசவத்துக்கு வந்தவர், தடுப்பூசிக்கு வந்த குழந்தை, சிறுநீரகம் கொடுக்க வந்த அண்ணன், இவர்கள் யாருக்கும் நோய் இல்லை. 1983-இல் அமெரிக்காவின் டென்வரில் எய்ட்ஸோடு வாழ்ந்தவர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், தாங்கள் எப்போதாவது மட்டுமே ‘பேஷண்ட்’ என்றார்கள். அந்தச் சொல் செயலற்ற நிலையையும் பிறரைச் சார்ந்திருப்பதையும் குறிக்கிறது என்பது அவர்கள் வாதம். எய்ட்ஸ் உள்ள மக்கள் என்றே தங்களை அழைக்கச் சொன்னார்கள். நீண்டகால நோயோடு வாழும் எவரும் இதைச் சொல்லலாம். சர்க்கரை உள்ளவர் ஆண்டு முழுவதும் சர்க்கரையோடு இருக்கிறார், ஆனால் ஆண்டு முழுவதும் நோயாளியாக இருப்பதில்லை.

எங்கே இதுவே மேல்? நோயைப் பற்றிய பொதுத் தகவலில் இதை ஏற்கலாம். ‘காசநோயாளிகளுக்கான மருந்து அட்டவணை’ என்ற தலைப்பில் எந்தத் தனிமனிதரையும் நாம் சுட்டவில்லை. அங்கும் ‘காசநோய் உள்ளவர்களுக்கான’ என்று எழுதினால் ஒரே ஒரு சொல்தான் கூடும்.

## பேஷண்ட்

பேச்சில் உண்மையாக ஆட்சி செய்வது இதுதான். பலர் காதுக்கு இது ‘நோயாளி’யைவிட மென்மையாகவே ஒலிக்கிறது. நோய் என்ற சொல் உள்ளே கேட்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இது இழுத்துவரும் வினை மோசமானது. ‘பேஷண்ட் வாந்தி எடுத்துச்சு’, ‘பேஷண்ட் வந்திருக்கு’ என்றே வார்டுகளில் பேச்சு நடக்கிறது. அஃறிணை ஒட்டிக்கொள்கிறது. பேச்சில் ஊறிய வினை குறிப்பிலும் வந்து ‘மறுத்தது’, ‘தூங்கியது’ என்று விழுகிறது. செவிலியர்கள் தங்களுக்குள் பேச்சில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ‘பேஷண்ட் வந்திருக்கார்’ என்று முடிக்கப் பழக வேண்டும். எழுத்தில் வேண்டாம்.

## நோயாளர்

ஒரே ஒரு ஒலி மாறினால் என்ன வந்துவிடும் என்று முதலில் நானும் நினைத்தேன். எழுதிப் பார்த்தபோதுதான் அதன் பலன் தெரிந்தது. ‘நோயாளி மறுத்தது’ என்று எழுதும் கை, ‘நோயாளர் மறுத்தது’ என்று எழுதாது. இலக்கணம் தெரியாதவருக்கும் அது இடிக்கும். ‘அர்’ விகுதி வினையையும் ‘மறுத்தார்’ என்று தன்னோடு மேலே இழுத்துவிடுகிறது. வேறு எந்த மாற்றுச் சொல்லும் இவ்வளவு குறைந்த முயற்சியில் இந்த வேலையைச் செய்வதில்லை. புதிய சொல்லும் அல்ல. இலங்கைத் தமிழில் ‘வெளிநோயாளர் பிரிவு’ என்பது வழக்கமான பெயர்ப்பலகை.

குறைகள் இரண்டு. நோய் இன்னும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, பிரசவ வார்டுக்கு இதுவும் பொருந்தாது. இரண்டாவது, ஒருமையா பன்மையா என்ற ஐயம். ‘நோயாளர் இடமாற்றப்பட்டனர்’ என்றும் ‘நோயாளர் இடமாற்றப்பட்டார்’ என்றும் வரும். பலரைக் குறிக்கும்போது ‘நோயாளர்கள்’ என்றே எழுதுவது என்று வார்டில் முடிவு செய்துகொண்டால் இது தீர்ந்துவிடும்.

பெயரைச் சொல்ல முடியாத, ஆனால் மருத்துவப் பொறுப்பைச் சொல்லியாக வேண்டிய இடங்களுக்கு, அதாவது விதிமுறைகள், பயிற்சிக் கையேடுகள், தவறு நேர்ந்தால் எழுதும் நிகழ்வு அறிக்கைகள் போன்றவற்றுக்கு இதுவே என் தேர்வு.

## பயனாளி, மருத்துவப் பயனாளர்

இப்போது அதிகம் பரிந்துரைக்கப்படும் சொல் இது. நோய் என்ற சொல் அறவே இல்லை. கர்ப்பிணி, தடுப்பூசிக்கு வந்தவர், பரிசோதனை முகாமுக்கு வந்தவர் எல்லோரையும் அணைத்துக்கொள்கிறது. முகாம் அறிவிப்பிலும் வரவேற்பறைப் பலகையிலும் நன்றாகவே இருக்கிறது.

குறிப்பேட்டுக்குள் கொண்டுவரும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. தமிழில் பயனாளி என்றதும் நினைவுக்கு வருவது ஒரு திட்டத்தின் பட்டியல். யாரோ கொடுத்தார்கள், இவர் பெற்றுக்கொண்டார் என்ற தொனி. சிகிச்சை உரிமை என்று நினைக்கும் எனக்கு அந்தத் தொனி உறுத்துகிறது. அதைவிட, சில வாக்கியங்களில் இந்தச் சொல் உண்மையையே இழந்துவிடுகிறது. ‘பயனாளர் மூச்சுத் திணறலோடு துடித்தார்.’ ‘அதிகாலை 4.40-க்குப் பயனாளர் இறந்தார்.’ அவர் என்ன பயன் அடைந்தார்? அந்தத் தாளை அவர் மகன் படித்தால் என்ன நினைப்பான்?

தெளிவிலும் ஒரு சிறு ஓட்டை உண்டு. காப்பீட்டுத் தாளில் ‘பயனாளி’ என்பது அட்டையில் பெயர் உள்ளவர். சில சமயம் கட்டிலில் படுத்திருப்பவர் மனைவியாக இருப்பார், திட்டத்தில் முதன்மைப் பெயர் கணவருடையதாக இருக்கும். ஒரே கோப்பில் ஒரே சொல் இரண்டு பேரைக் குறிக்கும்.

## வாடிக்கையாளர், கிளையண்ட்

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் வெளியிட்ட நூல் வழியாக ‘கிளையண்ட்’ என்ற சொல் மனநல ஆலோசனைத் துறையில் பரவியது. வருபவர் தன் சிக்கலுக்குத் தானே வழி காண்பவர், ஆலோசகர் துணை நிற்பவர் என்பதே அதன் நோக்கம். அந்த அறையில் அது நியாயமானது. அறுவை சிகிச்சை வார்டில் அல்ல. வாடிக்கையாளர் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம், மயக்கத்தில் இருப்பவரால் போக முடியாது. பணம் கட்டியவருக்குத்தான் சேவை என்ற எண்ணமும் சொல்லோடு சேர்ந்து வருகிறது. கட்டணப் பிரிவைத் தவிர வேறெங்கும் வேண்டாம். ஆலோசனை மையத்துக்குக்கூட ‘ஆலோசனைக்கு வருபவர்’ என்பது போதும்.

## சிகிச்சை பெறுபவர்

ஆளைச் சொல்லாமல் நடப்பதைச் சொல்வதால் இது நேர்மையான சொல். ஒப்புதல் படிவம், வீடு திரும்பும்போது கொடுக்கும் அறிவுரைத் தாள், உறவினருக்கான கடிதம் ஆகியவற்றில் நன்றாக உட்கார்கிறது. முதியோர் இல்லத்தில் ‘பராமரிப்பு பெறுபவர்’ என்றோ ‘இல்லத்தில் வசிப்பவர்’ என்றோ மாற்றிக்கொள்ளலாம்.

நீளம்தான் இதன் எதிரி. இரவு டியூட்டியில் ஒரு பக்கத்துக்கு எட்டு முறை யாரும் ‘சிகிச்சை பெறுபவர்’ என்று எழுத மாட்டார்கள். ‘சி.பெ.’ என்று சுருங்கும். சுருக்கெழுத்தாகிவிட்ட மரியாதை மரியாதை அல்ல, போதாக்குறைக்கு அது வேறு ஏதோ மருத்துவச் சுருக்கமாகவும் படிக்கப்படலாம். சிகிச்சையை மறுத்தவரைப் பற்றி எழுதும்போதும் தடுமாறும்: ‘சிகிச்சை பெறுபவர் சிகிச்சை பெற மறுத்தார்.’

இங்கே ஒரு பழைய சொல்லையும் சொல்ல வேண்டும். திருக்குறளின் 950-ஆம் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோய் உற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவன். நம் வேலைக்கான சொல் அந்தக் கடைசிக் கூறில் இருப்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும். ‘உற்றவர்’ அழகான சொல், நோய் வந்து சேர்ந்தது, அவர் நோயாகிவிடவில்லை. ஆனால் இன்று உற்றவர் என்றால் உறவினர். உறவினர்கள் சூழ்ந்து நிற்கும் கட்டிலருகே அந்தச் சொல்லைக் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

## பெயர்

யாரைப் பற்றியது என்ற கேள்விக்குப் பெயரைவிட நல்ல விடை இல்லை, தனியாக இல்லாமல் இன்னொரு அடையாளத்தோடு இருந்தால். குறைந்தது இரண்டு அடையாளங்கள் வேண்டும், அறை எண் அதில் ஒன்றாக இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதல் சொல்கிறது. ‘பெட் 12’ என்று அழைப்பது மரியாதைக் குறைவு மட்டுமல்ல. நேற்று பன்னிரண்டில் இருந்தவர் இன்று ஏழுக்கு மாறியிருப்பார், மருந்து மட்டும் பன்னிரண்டுக்கே போகும்.

குறிப்பின் உடலுக்குள் பெயர் இருப்பதில் ஒரு எதிர்பாராத நன்மை உண்டு. தாள் வேறொருவர் கோப்பில் சொருகப்பட்டாலோ, கணினியில் ஒருவர் பக்கத்தில் எழுத வேண்டியதை இன்னொருவர் பக்கத்தில் எழுதிவிட்டாலோ, பெயர் காட்டிக்கொடுத்துவிடும். ‘நோயாளி நன்றாகத் தூங்கினார்’ எந்தக் கோப்பிலும் பொருந்திப் போகும்.

இதன் செலவு ரகசியக்காப்பு. கோப்புக்குள் பெயர் இருப்பதில் தவறில்லை. அதே வரியைப் படம் எடுத்து டியூட்டிக் குழுவின் வாட்ஸ்ஆப்பில் போட்டால், பயிற்சி வகுப்பில் காட்டினால், எல்லோரும் பார்க்கும் பலகையில் எழுதினால், பெயர் வெளியே போகிறது. கோப்பை விட்டு வெளியே போகும் எதிலும் பெயருக்குப் பதில் ‘நோயாளர்’.

## சொல்லே இல்லாமல்

தமிழுக்கு இயல்பாகவே இருக்கும் வசதி இது. ‘இரவு நன்றாகத் தூங்கினார். காலை 6 மணிக்கு 200 மில்லி சிறுநீர் கழித்தார்.’ எழுவாய் இல்லை, குறையும் இல்லை. வினைமுற்றே உயர்திணை, மரியாதை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ‘ஆர்’ விகுதிக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது என்பதால் திருநங்கை, திருநம்பியர் விஷயத்தில் தவறாக எழுதிப் புண்படுத்தும் வாய்ப்பும் இல்லை. எழுதவும் இதுதான் வேகமானது.

ஆனால் இரண்டாவது ஆள் வாக்கியத்துக்குள் நுழைந்தவுடன் இந்த முறை உடைகிறது. இதைப் பாருங்கள்:

‘மகள் வந்தார். காலை உணவு சாப்பிடவில்லை. ஊசி வேண்டாம் என்றார்.’

ஊசி வேண்டாம் என்றது யார்? சுயநினைவோடு இருப்பவரே மறுத்திருந்தால் அது அவர் உரிமை, காரணம் கேட்டு, விளக்கி, மருத்துவருக்குச் சொல்லி, அதையும் பதிய வேண்டும். மகள் சொல்லியிருந்தால் அது தாயின் மறுப்பு ஆகாது, தாயிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேறு. நாளைக்கு விசாரணை வந்தால் இந்த ஒரு வரி யாருக்கும் உதவாது. ‘அவர்’ என்று சேர்த்தாலும் தீராது, அதுவும் இருவருக்கும் பொருந்தும்.

அதனால் ஒரே ஒரு விதி: எழுவாய் இல்லாத வினை எப்போதும் கோப்புக்கு உரியவரையே குறிக்கும். வேறு யார் செய்திருந்தாலும், ஒவ்வொரு முறையும், ‘மகள்’, ‘டாக்டர்’, ‘பிசியோ’, ‘நான்’ என்று எழுத வேண்டும். அவர்கள் வந்துபோன பின் உரியவருக்குத் திரும்பும்போது பெயரை மறுபடி ஒரு முறை எழுத வேண்டும்.

## ஒரே குறிப்பு, மூன்று விதமாக

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். வயது 62, பெயர் மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம். காலையில் பிசியோதெரபிஸ்ட் எழுப்பி நிற்கவைக்க வந்தார், மீனாட்சி எழுந்திருக்கவில்லை. வழக்கமாக இப்படி எழுதப்படும்:

> நோயாளி ஒத்துழைக்கவில்லை. நடைப்பயிற்சிக்கு மறுத்தது. வலி என்று புகார்.

சுற்றறிக்கை வந்தபின் இப்படி ஆகும்:

> மருத்துவப் பயனாளர் ஒத்துழைக்கவில்லை. நடைப்பயிற்சிக்கு மறுத்தார். வலி என்று புகார்.

பெயர்ச்சொல் மாறியது, விகுதியும் திருந்தியது. ஆனால் ‘ஒத்துழைக்கவில்லை’யும் ‘புகார்’உம் அப்படியே நிற்கின்றன. அவர் பிடிவாதக்காரர் என்றுதான் அடுத்த டியூட்டிக்காரருக்குப் போய்ச் சேரும். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அரிவாள் செல் நோயால் வலியோடு வந்த 28 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி இரண்டு விதமாகக் குறிப்பு எழுதி, மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கொடுத்தார்கள். மருத்துவத் தகவல் ஒன்றுதான், தொனி மட்டும் வேறு. சந்தேகத் தொனியில் எழுதிய குறிப்பைப் படித்தவர்களுக்கு அவர்மேல் நல்லெண்ணம் குறைந்தது, வலிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த சிகிச்சையும் தீவிரம் குறைந்ததாக இருந்தது.

நான் எழுதுவது இப்படி:

> காலை 9.10. மீனாட்சியை எழுப்பி நிற்கவைக்க பிசியோ வந்தார். மீனாட்சி, “காலை ஊன்றினால் இடுப்பில் குத்துகிறது, விழுந்துவிடுவேன்” என்றார். வலி 10-க்கு 8. கடைசி வலி மருந்து இரவு 2.00-க்கு. 9.20: மருத்துவர் எழுதியபடி பாரசிட்டமால் 1 கிராம் வாய்வழி கொடுத்தேன், பிசியோ 10.30-க்கு மீண்டும் வருவதாகச் சொன்னார். 10.20: மீனாட்சி வலி 4 என்கிறார். 10.30: வாக்கரைப் பிடித்து, இருவர் துணையோடு, நாற்காலிவரை நடந்தார்.

மூன்றாவது நீளமானதுதான். ஆனால் ஏழு மணி நேரமாக வலி மருந்து இல்லை என்ற உண்மை அதில்தான் வெளியே வருகிறது. முதல் இரண்டு குறிப்புகளும் நம் தவறை அவர் தலையில் வைத்துவிட்டன. மேற்கோளில் அவர் சொன்னதை அப்படியே எழுதியது மரியாதைக்காக மட்டுமல்ல. விழுந்துவிடுவேன் என்ற பயம் தெரிந்தால்தான் இருவர் துணைக்கு நிற்பார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் தாளில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். மறுநாள் அவரே அந்தத் தாளைப் படித்துவிட்டு, “ஏம்மா, நான் எதுல ஒத்துழைக்கலை?” என்று கேட்டார். அவருக்கு இடது காது கேட்காது. நான் இடது பக்கம் நின்றுதான் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை.

## ஒரு பார்வையில்

| சொல் | எங்கே பொருந்தும் | மறைந்த செலவு |
|---|---|---|
| நோயாளி | நோய் பற்றிய பொதுத் தகவல் | நோயே அடையாளமாகிறது, ‘மறுத்தது’ என்ற வினைக்கு இடம் தருகிறது |
| பேஷண்ட் | செவிலியர்களின் பேச்சில், ‘ஆர்’ வினையோடு | அஃறிணை ஒட்டிக்கொள்ளும் |
| நோயாளர் | விதிமுறை, நிகழ்வு அறிக்கை, பயிற்சி | பிரசவ வார்டுக்குப் பொருந்தாது, ஒருமை பன்மை ஐயம் |
| பயனாளி, மருத்துவப் பயனாளர் | முகாம், அறிவிப்பு, வரவேற்பு | உதவி பெறுபவர் தொனி, காப்பீட்டுத் தாளில் வேறு பொருள் |
| வாடிக்கையாளர் | கட்டணப் பிரிவு | கடமையை வணிகமாக்குகிறது |
| சிகிச்சை பெறுபவர் | ஒப்புதல் படிவம், கடிதம் | நீளம், சுருங்கிவிடும் |
| பெயர் | குறிப்பின் முதல் வரி, ஆள் மாறும் ஒவ்வொரு இடமும் | கோப்புக்கு வெளியே போனால் ரகசியம் போகும் |
| சொல்லே இல்லாமல் | குறிப்பின் மற்ற வரிகள் | இரண்டாவது ஆள் வந்தால் குழப்பம் |

வார்டுக் குறிப்புக்கு என் முடிவு கடைசி இரண்டு வரிகளையும் சேர்த்தது. குழந்தைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு: ‘குழந்தை அழுதது, பால் குடித்தது’ என்பது தமிழில் அன்பான, இயல்பான நடை, அதை மாற்ற வேண்டாம். பேசத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பெயர் எழுதுங்கள். பதின்வயதினருக்கு ‘ஆர்’ போட்டுப் பாருங்கள், பெரியவர்களைப்போல நடத்தப்படுவது அவர்களுக்குத் தெரியும்.

இறந்தபின் ‘பாடி’ என்று பேச்சிலோ எழுத்திலோ வரவே கூடாது. பத்து நிமிடம் முன்னால்வரை எழுதிய அதே பெயரைத்தான் அப்போதும் எழுத வேண்டும்.

## நேரில் கூப்பிடும்போது

எழுத்தில் சரிசெய்துவிட்டு, கட்டிலருகே போய் “என்ன பாட்டி, சாப்பிட்டியா?” என்றால் என்ன பயன்? உறவுமுறை சொல்லி அழைப்பது நம் மொழியின் அன்பு, அதை விடச் சொல்லவில்லை. ‘அம்மா’, ‘ஐயா’ பெரும்பாலும் யாரையும் புண்படுத்துவதில்லை. ‘பாட்டி’, ‘தாத்தா’ அப்படியல்ல. 58 வயதில் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு அது ஒரே நாளில் இருபது வயதைக் கூட்டிவிடும். சிலருக்கோ ‘பாட்டி’தான் வேண்டும், ‘மேடம்’ என்றால் அந்நியமாக இருக்கும்.

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பத்து நொடி போதும். சேர்க்கையின்போது, “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” அவர் சொல்வதைச் சேர்க்கைத் தாளில் எழுதிவைத்தால் மூன்று டியூட்டியும் ஒரே மாதிரி அழைக்கும். ஆனால் மருந்து கொடுக்கும்முன் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். “மீனாட்சி அம்மாதானே?” என்று நாம் கேட்டால் காது மந்தமானவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் ‘ஆமாம்’ என்றுதான் தலையசைப்பார்கள்.

## படிவங்களை என்ன செய்வது?

அச்சான படிவங்களைப் பற்றித்தான் கடைசியாக எல்லோரும் கேட்கிறார்கள். ‘நோயாளியின் பெயர்’, ‘நோயாளியின் வயது’, ‘நோயாளியின் முகவரி’ என்று வரிசையாக இருக்கும். அங்கெல்லாம் ‘மருத்துவப் பயனாளரின்’ என்று மாற்றி அடித்தால் கட்டம் போதாமல் எழுத்து சிறுத்துவிடுகிறது.

மாற்றுச் சொல்லே தேவையில்லை. ‘பெயர்’, ‘வயது’, ‘முகவரி’ என்று விட்டாலே போதும். அந்தப் படிவம் யாருடையது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. உடன் வந்தவருக்கான கட்டத்தில் மட்டும் ‘உடன் இருப்பவர் பெயர்’, ‘உறவு’ என்று தெளிவாகப் போடுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இடும் இடத்திலும் இப்படித்தான் பிரிக்க வேண்டும், ‘சிகிச்சை பெறுபவர் கையெழுத்து’ ஒரு கோடு, ‘அவர் சார்பில் இடுபவர் கையெழுத்தும் உறவும்’ இன்னொரு கோடு. மிச்சமாகும் இடத்தில் ‘எப்படி அழைக்கலாம்’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.